அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அட்ராஃபி’ என்று இருந்தால்

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பழுப்பு உறையோடு வீட்டுக்கு வந்தார். உட்காரும் முன்பே கேட்டார்: “அண்ணா, அம்மாவுக்கு மூளை சுருங்கிடுச்சாம். ஹிப்போகாம்பஸ்னு ஏதோ போட்டிருக்கு. நெட்ல தேடினா அல்சைமர்னு வருது. அப்படித்தானா?”

எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்த ரிப்போர்ட்டை எழுதியது நானில்லை. ஆனால் நான் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான் வந்திருக்கும். அன்றைக்கு அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதையும், பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. ஐந்தாவது வரை படித்தவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒன்றரை வருடமாக மறதி. ரிப்போர்ட்டில் முக்கியமான வரிகள் நான்கு. ‘மைல்டு டிஃப்யூஸ் செரிப்ரல் அட்ராஃபி’ என்று ஒன்று, அதாவது மூளை பரவலாகக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் சிறுத்திருக்கிறது, எம்டிஏ ஸ்கோர் 2 என்று இன்னொன்று. அப்புறம் கணினி அளந்து கொடுத்த எண்கள்: வலது 2.7 சிசி, இடது 2.5 சிசி, 14வது பெர்சன்டைல். கடைசியில் வழக்கமான முத்தாய்ப்பு: ‘கிளினிக்கலி கோரிலேட்’, நோயாளியின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். இந்தக் கடைசி வரியை நாங்கள் நழுவிக்கொள்ள எழுதுகிறோம் என்று சில டாக்டர்கள் கிண்டல் செய்வார்கள். பாதி நேரம் அது நியாயமான கிண்டல்தான். இந்த விஷயத்தில் மட்டும் ரிப்போர்ட்டிலேயே உருப்படியான வரி அதுதான்.

ஹிப்போகாம்பஸ் என்பது காதுக்கு நேராக உள்ளே போனால், மூளையின் அடிப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கும் பகுதி. நாலைந்து சென்டிமீட்டர் நீளம், வளைந்த உருவம். கடல்குதிரை போல இருக்கிறது என்று அதன் கிரேக்கப் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 சிசி, அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட. புதிதாக நடப்பதை நினைவில் பதித்து வைப்பது இதன் வேலை. இது தெரிய வந்தது ஒரு சோகமான வழியில். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு, அடங்காத வலிப்புக்காக இரண்டு பக்கமும் இந்தப் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் பேசினார், சிரித்தார், சிறுவயதில் நடந்ததைச் சொன்னார். ஆனால் அன்று காலையில் சந்தித்தவரை மதியம் அடையாளம் தெரியாது. 2008இல் இறக்கும் வரை அப்படியேதான் இருந்தார்.

அல்சைமர் நோய் பெரும்பாலும் இந்தப் பகுதியிலும் இதன் அண்டைப் பகுதியிலும்தான் முதலில் கைவைக்கிறது. அதனால்தான் மறதி என்று யார் வந்தாலும் எங்கள் கண் முதலில் அங்கே போகிறது. இதுவரை சரி. சிக்கல் அதற்குப் பிறகு.

முதலில், கண்ணால் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். காதிலிருந்து காதுக்கு ஹேர்பேண்ட் போடும் கோட்டில் தலையை வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் எடுப்போம். மண்டை ஓடு சுருங்காது. உள்ளே இருக்கும் மூளை சுருங்கினால் விட்டுப்போன இடத்தில் நீர் நிரம்பும். நாங்கள் பார்க்கும் வகைப் படத்தில் அந்த நீர் கறுப்பு. ஹிப்போகாம்பஸை ஒட்டி இயல்பாகவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். அது மட்டும் அகலமானால் ஸ்கோர் 1. பக்கத்தில் இருக்கும் சிறிய நீர்க்குழியும் விரிந்தால் 2. ஹிப்போகாம்பஸின் உயரமே தெளிவாகக் குறைந்தால் 3. தட்டையாகிவிட்டால் 4. நெதர்லாந்தின் ஃபிலிப் ஷெல்டன்ஸும் கூட இருந்தவர்களும் 1992இல் வெளியிட்ட முறை இது. எம்டிஏ என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான்.

இதில் வயதுக்குத் தள்ளுபடி உண்டு. 75 வயதுக்குள் என்றால் 2 வந்தாலே இயல்புக்கு மீறியது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 75ஐத் தாண்டினால் 3 வந்தால்தான். இந்த அம்மா 76. ஆக அவருடைய 2 வயதுக்கு ஏற்றது. இதே படத்தை இரண்டு வருடம் முன்னால் எடுத்திருந்தால் அது ‘அப்நார்மல்’. பிறந்தநாள் தாண்டினால் நோய் போய்விடுமா என்ன? போகாது. கோடு எங்கேயாவது போட வேண்டும் என்பதால் போட்ட கோடு அது. அதோடு, ஒரே படத்தை நானும் என் சக டாக்டரும் பார்த்து, ஒருவர் 1, ஒருவர் 2 என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. 0க்கும் 4க்கும் இடையில் குழப்பம் வராது. 1, 2 பக்கத்தில்தான் வரும், பெரும்பாலான பெரியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கண் சந்தேகத்துக்குரியது, கணினி அளந்தால் துல்லியம்தானே என்று அந்தப் பெண் கேட்டார். 2.7, 2.5 என்று தசமப் புள்ளியோடு அச்சடித்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். நல்ல எம்ஆர்ஐ படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டம். 3 சிசி என்றால் அப்படி 3,000 கட்டங்கள். ஹிப்போகாம்பஸை 45 மில்லிமீட்டர் நீளமுள்ள, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குச்சி என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு சுமார் 1,300 சதுர மில்லிமீட்டர். எல்லைக்கோட்டைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? 600க்கும் மேற்பட்ட கட்டங்கள் போய்விடும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அரை மில்லிமீட்டர் என்பது பாதிக் கட்டம். எல்லை எங்கே என்பதும் அவ்வளவு கறாராகத் தெரியாது. ஹிப்போகாம்பஸும் அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் அமிக்டலா என்ற பகுதியும் ஒரே சாம்பல் நிறம். மென்பொருளுக்கு மென்பொருள் எல்லையை வேறு இடத்தில் போடும். அதனால் ஒரு மென்பொருள் கொடுத்த 2.7ஐ இன்னொன்று கொடுத்த 3.1உடன் வைத்து ‘கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது’ என்று சொல்லவே கூடாது.

பெரியவர் அசைந்தாலும் கெட்டது. உள்ளே அந்தத் தடதட சத்தத்தில் பல நிமிடம் ஆடாமல் படுத்திருப்பது இளைஞர்களுக்கே கஷ்டம். மறதி உள்ளவருக்கு எதற்காகப் படுத்திருக்கிறோம் என்பதே நடுவில் மறந்துபோகும். தலை லேசாக ஆடினால் எல்லை மங்கும், மூளை உண்மையைவிடச் சிறியதாக அளவாகும். நிறைய ஸ்கேன் மையங்களில் வழக்கமாக எடுப்பது 5 மில்லிமீட்டர் கனமான துண்டுகள். கண்ணால் பார்க்க அது போதும், கன அளவுக்குப் போதாது. ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுத்த ‘3டி டி1’ வரிசை இருந்தால்தான் அளக்கவே வேண்டும். ரிப்போர்ட்டில் சிசி எண் இருந்தால் இதைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து அந்த 14வது பெர்சன்டைல். ஆரோக்கியமான 100 பேரை வரிசையில் நிறுத்தினால் 14 பேருக்கு இந்த அம்மாவைவிடச் சிறிய ஹிப்போகாம்பஸ் இருக்கும் என்று அர்த்தம். அந்த 14 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், அதை மறக்கக் கூடாது. பல இடங்களில் 5க்குக் கீழே போனால் சிவப்பில் காட்டுவார்கள். அப்படியானால் எந்தக் குறையும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு எப்படியும் சிவப்பு விழும்.

வரிசையில் நிறுத்திய அந்த 100 பேர் யார் என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான மென்பொருள்களின் ஒப்பீட்டுப் பட்டியல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த படங்களிலிருந்து வந்தது. ஹைதராபாத் ஐஐஐடியில் இந்தியர்களுக்கென்று ஒரு மூளை வரைபடம் தயாரித்து 2019இல் வெளியிட்டபோது, இந்திய மூளை சராசரியில் மேற்கத்திய மூளையைவிட நீள, அகல, உயரத்தில் சிறியது என்று கண்டார்கள். இதில் அறிவு கம்மி, கூட என்ற பேச்சுக்கே இடமில்லை. தலை சிறியது, அவ்வளவுதான். தலையின் அளவை வைத்துக் கணக்கை நேர்செய்ய வேண்டும். செய்கிறார்கள். ஆனாலும் நாலரை அடி உயரமுள்ள, ஐந்தாவது படித்த ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாவை அந்த வரிசையில் நிறுத்துவது எனக்கு முழு மனதோடு ஒப்பவில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ‘அட்ராஃபி’ என்றால் இருந்தது குறைந்துபோனது. ஒரே ஒரு ஸ்கேனில் நாம் பார்ப்பது இன்றைய அளவை மட்டும். முன்பு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு இளமையிலேயே 2.8 சிசிதான் இருந்திருக்கலாம். இன்னொருவருக்கு 3.6 இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 3.0இல் நிற்கலாம். ரிப்போர்ட்டில் முதலாமவருக்கு ‘அட்ராஃபி’ என்று வரும், இரண்டாமவருக்கு ‘நார்மல்’ என்று வரும். நிஜத்தில் இழந்துகொண்டிருப்பவர் இரண்டாமவர். ‘சிறியதாக இருக்கிறது’ என்பதை ‘சுருங்கியிருக்கிறது’ என்று எழுதுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்த வகையில் பழைய படம் பொக்கிஷம். நாலு வருடம் முன்னால் கீழே விழுந்தபோது எடுத்த சிடி ஸ்கேன் பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள். அதில் சிசி கணக்குப் போட முடியாது, ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நீர்க்குழிகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று கண்ணுக்குத் தெரியும். புதிதாக எடுக்கும்போதும் ஃபிலிமோடு நிற்காமல் ‘டைகாம்’ வடிவத்தில் தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அளக்க முடியாது.

அன்று அந்தப் பெண்ணுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இன்னொரு பதில்: இது அல்சைமரா? நிஜமாகவே சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஏன் சுருங்கியது என்று படம் சொல்லாது. அல்சைமரில் சுருங்கும். எண்பதைத் தாண்டியவர்களிடம் டிடிபி-43 என்ற இன்னொரு புரதம் தேங்குவதாலும் சுருங்கும். அதற்கு ‘லேட்’ என்று தனி நோயாகவே 2019இல் பெயர் வைத்தார்கள். படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நெடுநாள் மனச்சோர்விலும், பழைய வலிப்பிலும், ஒரு காலத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனதாலும் சிறுக்கும். வயதானவர் மூளையை இறந்தபின் ஆராய்ந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் கண்டது கலப்படம்: கொஞ்சம் அல்சைமர், கொஞ்சம் சின்ன இரத்தக் குழாய் அடைப்பு, கொஞ்சம் வேறு. தலைகீழாகவும் உண்டு. அப்படி ஆராய்ந்து 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு ஹிப்போகாம்பஸ் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஸ்கேன் எடுத்திருந்தால் ‘ஹிப்போகாம்பஸ் நார்மல்’ என்றுதான் வந்திருக்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

அல்சைமரின் அமைலாய்டு, டௌ புரதங்களைத் தேட வேறு சோதனைகள் இருக்கின்றன: பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர், சில வருடங்களாக ரத்தத்தில் பி-டௌ217 அளவு. சாதாரண எம்ஆர்ஐயில் அந்தப் புரதம் எதுவும் தெரியாது.

அப்படியானால் எம்ஆர்ஐ எதற்கு? நல்ல கேள்வி. சுருக்கத்தை அளப்பதைவிட முக்கியமான வேலை அதற்கு இருக்கிறது. எப்போதோ தலையில் இடித்து, மூளைக்கு வெளியே மெல்ல மெல்லத் தேங்கிய ரத்தம், கட்டி, யாருக்கும் தெரியாமல் வந்துபோன பக்கவாதம், நடை தடுமாற்றமும் சிறுநீர் கட்டுப்படாததும் சேர்ந்து வரும், மூளை நீர் தேங்கும் நோய் என்று இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அது. இவற்றில் சிலவற்றை அறுவை சிகிச்சையில் சரி செய்யலாம். இந்த அம்மாவின் ரிப்போர்ட்டில் இவை எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதைத்தான் நான் முதலில் படித்துக் காட்டினேன். அவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

பிறகு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, அம்மா எதை மறக்கிறார் என்று கேட்டேன். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடுகிறது என்றால் அது ஒரு மாதிரி மறதி; பதிந்திருக்கிறது, எடுக்க நேரமாகிறது. காலையில் மகன் துபாயிலிருந்து போனில் பேசினானே என்று நினைவூட்டியும் ‘அவன் எங்கே பேசினான்?’ என்று திகைத்தால் அது வேறு, பதியவே இல்லை. ஹிப்போகாம்பஸ் பழுதானால் வருவது இரண்டாவது வகை. இந்த அம்மாவுக்கு இரண்டும் கலந்திருந்தது. சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார். பகலில் தூங்கி வழிகிறார். மதியத்தைவிடக் காலையில் மோசம்.

காலையில் மோசம் என்றதும் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே அரிப்புக்காக இரவில் போடும் குளோர்ஃபெனிரமின், ஒரு வருடத்துக்கு மேலாக. சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின். இரண்டுமே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை, நினைவு பதிய அது வேண்டும். மறதிக்கென்று கொடுக்கும் டோனபிசில் மாத்திரை செய்வதே அந்த வேதிப்பொருளைக் கூட்டுவதுதான். அந்த மாத்திரையும் அதே பையில் இருந்தது! ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, இரண்டு குழாய் வடித்துக்கொண்டிருந்தன. சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின். அது பி12 சத்தைக் குறைக்கக்கூடியது. பார்க்கச் சொன்னால் பி12 140 வந்தது. 200க்குக் கீழே போனாலே குறைவு. காதும் மந்தம். காதில் விழாதது நினைவில் எப்படி நிற்கும்?

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் அந்த இரண்டு மாத்திரையையும் மாற்றினார், பி12 ஊசி போட்டார், தைராய்டு பார்த்தார், காதுக்கு மெஷின் எழுதினார். மூன்று மாதத்தில் பகல் தூக்கம் போயிற்று, சமையல் ஓரளவு பழைய நிலைக்கு வந்தது. ஆனால் கேட்டதையே கேட்பது நிற்கவில்லை.

பதினெட்டு மாதம் கழித்து அதே மெஷினில், அதே முறையில் மறுபடி எடுத்தார்கள். வலது 2.6, இடது 2.4. மொத்தம் 5.2இலிருந்து 5.0. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சதவீதம் குறைவு. ஆய்வுகளில், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வருடம் ஒன்றரை சதவீதம் போலவும், அல்சைமர் நோயாளிகளுக்கு நான்கரை சதவீதம் போலவும் குறைகிறது. இவருடையது இரண்டுக்கும் நடுவே. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தாலும் ஓரிரு சதவீதம் வித்தியாசம் வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த எண்ணை வைத்து இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது. அன்றைக்குத் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வந்திருந்தால்கூட மூளையின் கன அளவு கொஞ்சம் குறைந்து காட்டும்.

“அப்ப இன்னும் ஆறு மாசத்துல இன்னொண்ணு எடுக்கலாமா அண்ணா?” என்றார் மகள். வேண்டாம் என்றேன். ஆறு மாதத்தில் குறையக்கூடியது அளவையின் தவறுக்குள்ளேயே அடங்கிவிடும். காசும் போகும், அம்மாவுக்கு அந்தக் குழாய்க்குள் போகப் பயம் வேறு.

இப்போது மகள் ஒரு ரூல் போட்ட நோட்டில், அம்மா அன்றன்று எப்படி இருந்தார் என்று தேதி போட்டு எழுதி வருகிறார். டாக்டர் ஒவ்வொரு முறையும் படத்தைவிட அதைத்தான் நேரம் எடுத்துப் படிக்கிறாராம். போன வாரம் எனக்கும் காட்டினார். ‘செவ்வாய்: கேஸ் அணைக்கல. புதன்: சர்க்கரை மாத்திரை தானே எடுத்துப் போட்டாங்க. வியாழன்: அப்பா எங்கேனு கேட்டாங்க, போட்டோவைக் காட்டினதும் ஆமான்னாங்க. வெள்ளி: கோலம், புள்ளி தப்பாம.’